ஓவியப் புதிரில் சிக்கிக்கொண்டபோது

நோனோகிராம் என்ற ஓவியப் புதிரில் ஓரத்து எண்கள், அடுத்தடுத்து வரும் கறுப்புக் கட்டங்கள் எத்தனை என்று சொல்லும்; இரண்டு தொகுதிக்கு நடுவே ஒரு வெள்ளையாவது இருக்கும். 10 கட்ட வரிசை, குறிப்பு 4 3 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியோடு சேர்த்து 8 கட்டம் போகும், மிச்சம் 2. இடதுகோடியில் ஒட்டினால் 4 என்பது 1 முதல் 4 வரை. வலதுகோடிக்குத் தள்ளினால் 3 முதல் 6 வரை. இரண்டிலும் வரும் 3, 4 கட்டங்கள் உறுதியாகக் கறுப்பு. அதேபோல 3-க்கு 8-ஆம் கட்டம். 6-ஆம் கட்டமும் இரண்டு அடுக்கிலும் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் ஒன்றில் அது 3-இன் துண்டு, மற்றதில் 4-இன் துண்டு, அதனால் கணக்கில் சேராது.

போன வாரம் ஒரு புதிர் அப்படியே நின்றுவிட்டது. மேல் வரிசையில் வெறும் 4. மிச்சம் 6 என்பதால் இரண்டு கோடியிலும் வைத்துப் பார்த்தும் பொதுவான கட்டம் எதுவும் கிடைக்கவில்லை. ஊகிப்பதற்கு முன் ஓரத்தைப் பார்த்தேன். 3, 4-ஆம் நிரல்களின் முதல் எண்கள் 3, 2. மேலே அந்த இரண்டு கட்டமும் கறுப்பானால் இரண்டாம் வரிசையிலும் அடுத்தடுத்து இரண்டு கறுப்பு வந்தாக வேண்டும். அங்கே குறிப்போ 1 1. ஆக 4 அவ்விரண்டையும் சேர்த்து மூட முடியாது. அது 4-ஆம் கட்டம் முதல் 10-ஆம் கட்டத்துக்குள்தான் இருக்கும். சரி, முதல் மூன்று கட்டமும் வெள்ளை என்று பெருக்கல் குறி, 7-ஆம் கட்டம் கறுப்பு. முழுப் புதிரும் அவிழ்ந்தது.

இப்படி ஒன்றை வைத்துப் பார்த்து முரண் வந்தால் அதன் எதிர்மறை நிரூபணமாகிறது. முரண் வராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, அழித்துவிட வேண்டியதுதான்.

நிஜமாகவே ஊகம் வேண்டிய இடம் வேறு. கடைசியில் இரண்டு வரிசை, இரண்டு நிரல் சந்திக்கும் நான்கு கட்டங்கள் மிஞ்சி, ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் ஒரு கறுப்பு மட்டும் பாக்கி, இரண்டு மூலைவிட்டமும் குறிப்புக்குப் பொருந்தினால், புதிருக்கே இரண்டு விடை. படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.