99.9% அப்டைம் கேரண்டி: கிளெய்ம் பண்றப்போ நம்மாளுங்க எங்க தப்பு பண்றாங்க

செந்தூல்ல ஒரு அக்கா இருக்காங்க, வீட்லயே முறுக்கு அதிரசம் செஞ்சு வெப்சைட்ல ஆர்டர் எடுப்பாங்க, சைட்ட நான்தான் பார்த்துக்கிறேன். ஒரு வருஷம் தீபாவளி நவம்பர்ல வந்துச்சு, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ராத்திரி 10 மணிக்கு சைட் படுத்துருச்சு, எழுந்திரிச்சது விடிகாலை 3 மணிக்கு. சுமார் 600 ரிங்கிட் ஆர்டர் போயிருக்கும்னு அக்கா சொன்னாங்க. "ஹோஸ்டிங் கம்பெனிக்காரன் 99.9%னு கேரண்டி போட்டிருக்கான்ல தம்பி, அந்தக் காச வாங்கிக் கொடு"ன்னு கேட்டாங்க.

நிறைய பேரு பண்ற முதல் தப்பு இதுதான், அக்காவ மட்டும் சொல்லல. அந்த கேரண்டி நம்ம வியாபார நஷ்டத்துக்கு இல்ல. சர்வர் நின்னா நாம கட்ற ஹோஸ்டிங் பீஸ்ல கொஞ்சம் கழிச்சுக்குவாங்க, அவ்வளவுதான். பெரும்பாலான கம்பெனிங்க எஸ்எல்ஏல, அதாவது சேவை ஒப்பந்தத்துல, இந்தக் கழிவத் தவிர வேற எதுவும் கேக்க முடியாதுன்னு ஒரு வரி இருக்கும், அத முதல்ல தேடிப் படிங்க.

கணக்கப் பாருங்க. 30 நாள் மாசத்துக்கு 43,200 நிமிஷம், அதுல 0.1% கிட்டத்தட்ட 43 நிமிஷம், அதாவது மாசத்துக்கு 43 நிமிஷம் சைட் படுத்தாலும் அவன் வாக்கு தவறல. நம்ம சைட் 300 நிமிஷம் படுத்துச்சு, அப்போ அப்டைம் 99.31%. அவங்க அட்டவணைல 99.5க்கு மேல இருந்தா மாச பீஸ்ல 5%, அதுக்குக் கீழ 99 வரைக்கும் 10%. நாங்க வருஷத்துக்கு 300 ரிங்கிட் கட்டியிருந்தோம், ஆனா கழிவு வருஷக் காசுக்கு இல்ல, அந்த ஒரு மாசத்துக்கு மட்டும், அதாவது 25 ரிங்கிட்டுக்கு 10%, ரெண்டரை ரிங்கிட்.

அதுவும் கிடைக்கல. 11 மணியிலருந்து 1 மணி வரைக்கும் மெயின்டனன்ஸ்னு மூணு நாள் முன்னாடியே மெயில் அனுப்பியிருக்காங்க, அது அக்காவோட ப்ரோமோஷன் போல்டர்ல கிடந்திருக்கு. முன்கூட்டியே சொன்ன மெயின்டனன்ஸ டவுன்டைம்ல சேர்க்க மாட்டாங்க. 120 நிமிஷம் போச்சு, மிச்சம் 180, அப்டைம் 99.58%. கடைசில வந்தது 1 ரிங்கிட் 25 சென். அதனால ஹோஸ்டிங் கம்பெனி மெயிலுக்குத் தனியா ஒரு பில்டர் போட்டு வைங்க, சேல்ஸ் சீசன்ல மெயின்டனன்ஸ் வந்தா முன்னாடியே டிக்கெட் போட்டு வேற நாள் கேட்டுப் பாக்கலாம்.

அடுத்து, "டவுன்"னா என்னன்னு பாக்காம சண்டை போடறது. சில பிளான்ல கேரண்டி நெட்வொர்க்குக்கும் கரண்டுக்கும் மட்டும்தான் இருக்கும். சர்வர் உயிரோட இருந்து, நம்ம பிளகின் அடிபட்டு 500 எரர் வந்தா அது நம்ம கணக்கு. டொமைன் காலாவதியானா அதுவும் நம்ம கணக்குதான். அதனால சைட் படுத்த உடனே போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்தா மட்டும் பத்தாது, example.com இருக்கற இடத்துல உங்க டொமைனப் போட்டு டெர்மினல்ல இத ஓட்டி, வர்றத அப்படியே காப்பி பண்ணி வைங்க:

```
date -u; curl -sI -m 20 https://example.com | head -n 1
```

முதல் வரில யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் வரும், ரெண்டாவதுல சர்வர் சொன்ன பதில். 500னு வந்தா சர்வர் பேசுது, கோளாறு அனேகமா நம்ம கோடுலதான், எரர் லாக் பாருங்க. ரெண்டாவது வரியே வரலன்னா பதிலே கிடைக்கலன்னு அர்த்தம், மொதல்ல நம்ம வீட்டு லைன்தான் போச்சான்னு போன் டேட்டால ஒரு தடவ திறந்து பாத்துக்குங்க. வெளிய இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ செக் பண்ற மானிட்டர் ஒண்ணும் போட்டு வைங்க. கம்பெனிங்க பொதுவா தன்னோட லாக்கத்தான் நம்புவாங்க, ஆனா நம்ம கையிலயும் லாக் இருந்தா எங்க இடிக்குதுன்னு காட்டிக் கேக்கலாம்.

நேரத்த யூடிசில எழுதறதுக்குக் காரணம் இருக்கு, நம்ம மலேசியா நேரம் அதவிட 8 மணி நேரம் முன்னாடி. நம்ம ஊர்ல 1ஆம் தேதி காலைல 6 மணின்னா அங்க இன்னும் போன மாசக் கடைசி நாள் ராத்திரி 10 மணி, கம்பெனி யூடிசில கணக்கு பாத்தா தப்பான மாசத்துக்குக் கேட்டு கிளெய்ம் ரிஜெக்ட் ஆகலாம்.

ரொம்ப பேரு கோட்டை விடறது இன்னொண்ணு, தானா கழிச்சுக்குவாங்கன்னு காத்திருக்கறது. பெரும்பாலும் நாமதான் கேக்கணும், அதுக்கும் கெடு இருக்கும், சில இடத்துல 7 நாள், சில இடத்துல 30 நாள். சாட்ல திட்டறது கிளெய்ம் ஆகாது. பில்லிங் பிரிவுல டிக்கெட் போட்டு, எந்த அக்கவுண்ட், எந்த டொமைன், எப்பலருந்து எப்ப வரைக்கும், எஸ்எல்ஏல எந்தப் பிரிவுப்படி எத்தன சதவீதம்னு எழுதி லாக்க சேத்து அனுப்புங்க.

கோவத்துல உடனே அக்கவுண்ட்ட மூடிராதீங்க. கழிவு பொதுவா கையில காசா வராது, அடுத்த இன்வாய்ஸ்ல கிரெடிட்டாதான் வரும், மூடிட்டா அதுவும் போயிரும். அக்காவோட 1 ரிங்கிட் 25 சென் அடுத்த வருஷ ரினியூவல் பில்லுலதான் கழிஞ்சுச்சு.