ஊர் நண்பனோடு சதுரங்கம் ஆட நினைப்பவர்கள், ஒரு நகர்த்தலுக்கு எத்தனை நாள் என்பதை முதலில் பாருங்கள்

கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் கோடைக்காலத்தில் பன்னிரண்டரை மணி நேரம் ஊருக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஊரில் நண்பன் ஓய்வாக உட்காரும்போது நீங்கள் வேலைக்குக் கிளம்புவீர்கள். எனவே இருவரும் ஒரே நேரத்தில் உட்காராமல், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நாள் கணக்கில் அவகாசம் எடுத்து ஆடும் அஞ்சல்வழிச் சதுரங்கம்தான் வழி. lichess.org தளத்தில் கணக்குத் தொடங்கி, `Correspondence` என்பதைத் தேர்ந்து, நண்பனுக்கு அழைப்பு அனுப்பினால் போதும். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகாது.

`Days per turn` என்று ஒரு கட்டம் வரும். நான் ஏமாந்த இடம் அதுதான்.

வேறொரு தளத்தில் நானும் மதுரை நண்பனும் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் என்று வைத்திருந்தோம். தினமும் ஆளுக்கொரு நகர்த்தல்தானே, ஒரு நாள் போதும் என்பது என் கணக்கு. 31 நகர்த்தல் ஆகியிருந்தது. எனக்கு இரண்டு சிப்பாய்கள் அதிகம். வியாழன் இரவு பத்து மணிக்கு அவன் யானையை நகர்த்தினான். இங்கே அது வியாழன் காலை ஒன்பதரை. அன்று இரவு வீடு மாற்றிய களைப்பில் தூங்கிவிட்டேன். வெள்ளி இரவு ஆடலாம் என்றிருந்தேன். ஆனால் கடிகாரத்துக்குக் கிழமை தெரியாது. அவன் ஆடிய நொடியிலிருந்து 24 மணி நேரத்தைத்தான் எண்ணுகிறது. வெள்ளி காலை ஒன்பதரைக்கு நேரம் முடிந்தது. ஒரு மாத ஆட்டம் தோல்வி என்று பதிவானது. இன்றும் எரிச்சல் அடங்கவில்லை. ஜெயித்த அவனுக்கும் மகிழ்ச்சியில்லை.

நீங்கள் இரவில் மட்டும் ஆடுபவர் என்றால் கணக்கு எளிது. ஒரு நாள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஓர் இரவு. மூன்று நாள் என்றால் மூன்று இரவுகள். வந்த புதிதில் வீடு தேடுவது, ஓட்டுநர் உரிமத் தேர்வு என்று இரவுகள் பறிபோகும். ஏழு நாளுக்குக் குறைத்து வைக்காதீர்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும் என்ற பயம் வேண்டாம். அது உச்சவரம்பு மட்டுமே. இருவரும் தினமும் ஆடினால் 40 நகர்த்தல் ஏறக்குறைய 40 நாளில் முடிந்துவிடும். இன்னொன்று, மிச்சம் பிடித்த நேரம் அடுத்த நகர்த்தலுக்குச் சேராது. ஒவ்வொரு முறையும் ஏழு நாள் புதிதாகத் தொடங்கும்.

பதில் நகர்த்தல் வெளிப்படையாகத் தெரியும் இடங்களில், அவன் என் குதிரையை வெட்டினால் நான் சிப்பாயால் வெட்டுவேன் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். ஒரு நாள் மிச்சம்.

ஊருக்குப் பயணம் போகும்போது விடுப்பு கேட்க lichess.org தளத்தில் வழியில்லை. அதனால் கிளம்புவதற்கு முன் உங்கள் நகர்த்தலை ஆடிவிட்டு, அவனைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அப்போது ஓடுவது அவன் கடிகாரம். போன டிசம்பரில் நண்பன் எனக்காக நான்கு நாள் காத்திருந்தான். மதுரையில் அவன் வீட்டுத் திண்ணையில் என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் அந்த நகர்த்தலை ஆடினான்.