வயிற்று வலிக்கு முதலில் எந்த ஸ்கேன்?

வயிற்று வலிக்கு எந்த ஸ்கேனில் தொடங்குவது என்பதை வலிக்கும் இடமும் நோயாளியின் வயதும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. வலது விலாவுக்குக் கீழே வலித்தால் அல்ட்ராசவுண்டுதான் முதலில். பித்தப்பைக் கற்கள் அதில் பளிச்சென்று தெரியும். சில கற்கள் சிடி ஸ்கேனில் தெரியாமலே போவதுண்டு. விலை கூடிய ஸ்கேன்தான் எப்போதும் மேல் என்பது சரியல்ல.

அடிவயிற்றில் வலது பக்கம் வலித்து, குடல்வால் அழற்சியோ என்று சந்தேகம் வந்தால் கணக்கு மாறும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நேராக சிடி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள். கருவியை வைத்து அழுத்தும்போது குடல்வால் அமுங்காமல், 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சிக்கல் என்னவென்றால், குடலில் வாயு மறைத்தால் 'குடல்வால் தெரியவில்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும். அதை 'நார்மல்' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அடுத்து என்ன என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஆறு மாதக் கர்ப்பிணிக்கு அப்படி ரிப்போர்ட் வருகிறது என்று வையுங்கள். வளர்ந்த கர்ப்பப்பை குடல்வாலை மேலே தள்ளியிருக்கலாம். அவருக்கு அடுத்தது எம்ஆர்ஐ, அதுவும் படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல். எம்ஆர்ஐ உடனே கிடைக்காவிட்டால் சிடி எடுக்கவும் டாக்டர்கள் தயங்க மாட்டார்கள். குடல்வால் வெடித்துவிட்டால் தாய்க்கும் சேய்க்கும் வரும் ஆபத்து, அந்தக் கதிர்வீச்சைவிடப் பெரிது.

மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.