திம்பம் இறக்கத்துல டிரம் சூடாச்சு, கோளாறு எக்ஸாஸ்ட் பிரேக்ல

லோடோட திம்பத்துல இருந்து பண்ணாரிக்கு இறங்க 27 கொண்டை ஊசி வளைவு, பாதி தாண்டுறதுக்குள்ளயே லைனிங் கருகுற வாசனை, பெடல மிதிச்சாலும் சரியா புடிக்கல. புது லைனிங் போட்டும் அதே கதை. அப்போதான் கவனிச்சேன், எக்ஸாஸ்ட் பிரேக் போட்டா வர்ற உறுமல் சத்தமே இல்ல.

சமதளத்துல சக்கரத்துக்கு கட்டை வச்சு, இன்ஜின ஓடவிட்டு, கிளீனர சுவிட்ச் போட சொல்லிட்டு எக்ஸாஸ்ட் பைப்புல இருக்குற வால்வு லிவர பாத்தேன், காத்து வருது ஆனா லிவர் பாதியிலயே நிக்குது. ஆறவிட்டு கழட்டுனா உள்ள ஒரே கரி. சுரண்டி எடுத்து, வால்வு கையால லேசா முழுசா மூடுற வரைக்கும் விட்டு விட்டு ஆட்டி மாட்டுனேன்.

இந்த பிரேக் புகைய வெளிய விடாம அடைக்குது, அந்த அழுத்தத்த எதுத்து பிஸ்டன் தள்ள வேண்டியிருக்கறதால இன்ஜினே வண்டிய இழுத்துப் புடிக்குது, டிரம்முக்கு சூடே போகாது. ஆனா ஆர்பிஎம் வேணும், அதனால இறங்குறதுக்கு முன்னாடியே சின்ன கியர் போட்டுடணும், கிளட்ச மிதிச்சா அந்த புடி போச்சு. வண்டிய நிறுத்தவும் இதால முடியாது, வளைவுக்கு முன்னாடி கால் பிரேக்க நல்லா ஒரு மிதி மிதிச்சு விட்டுடணும், சும்மா தேச்சுக்கிட்டே வரக்கூடாது. மழையில காலி வண்டின்னா நான் இத ஆஃப் பண்ணிடுவேன், பின் சக்கரம் மட்டும் இழுத்து வழுக்கும்.