புளோரன்ஸ் குவிமாடம்: சென்ட்ரிங் இல்லாமல் எழுந்த கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரப் பேராலயத்துக்கு எட்டு முகக் குவிமாடம் ஒன்று உண்டு. கட்டியவர் பிலிப்போ புரூனெல்லெஸ்கி. 1420 ஆகஸ்டில் வேலை தொடங்கியது, 1436இல் உச்சியிலுள்ள வளையம் வரை முடிந்தது. உள்ளே மூலைக்கு மூலை சுமார் 45 மீட்டர் அகலம். குவிமாடம் தொடங்கும் இடமே தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேல். இதைப் பற்றி இணையத்தில் எழுதப்படுபவை ஏராளம். அவற்றில் சில தவறுகள் மட்டும் சலிக்காமல் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, ‘சாரமே இல்லாமல் கட்டினார்’ என்பது. நம்மூர்க் கொத்தனாரிடம் கேட்டால் சாரம் வேறு, சென்ட்ரிங் வேறு என்று உடனே சொல்வார். சாரம் ஆள் நின்று வேலை செய்வதற்கு. சென்ட்ரிங், கட்டிய பகுதி தானாக நிற்கும்வரை அதன் எடையைத் தாங்குவதற்கு. புரூனெல்லெஸ்கி தவிர்த்தது இரண்டாவதை மட்டும்தான். கொத்தனார்கள் நிற்க மேடைகள் இருந்தன. விழாமலிருக்க உள்பக்கம் பலகைத் தடுப்பு வைக்க வேண்டும் என்று 1426ஆம் ஆண்டு ஆவணமே சொல்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, முழுத் திட்டமும் முதல் நாளிலேயே அவர் மனதில் முடிந்திருந்தது என்று நினைப்பது. 1420ஆம் ஆண்டு வேலைக்குறிப்பு அவ்வளவு துணிச்சலானது அல்ல. முதல் 30 பிராச்சா உயரத்தைச் சென்ட்ரிங் இல்லாமல் கட்டுவது, அதற்கு மேல் அனுபவம் எதைக் காட்டுகிறதோ அதன்படி செய்வது, இவ்வளவுதான் அது சொன்னது. ஒரு பிராச்சா சுமார் 58 சென்டிமீட்டர் என்பதால், 30 பிராச்சா கிட்டத்தட்ட 17.5 மீட்டர்.

ஏன் 30? கணக்குப் போட்டுப் பார்த்தால் எண் பேசுகிறது. மூலையில் அடியிலிருந்து உச்சிக்கு வளைந்து ஏறும் விலாவின் உள்வளைவுக்கு ஆரம், அகலத்தில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 36 மீட்டர். வளைவின் மையம் அடிமட்டத்திலேயே இருக்கிறது. செங்கல் வரிசைகள் அந்த மையத்தை நோக்கிச் சாய்பவை. அடியில் சாய்வே இல்லை. 17.5 மீட்டர் உயரத்தில் சாய்வு ஏறத்தாழ 29 பாகை. உச்சி வளையத்தை நெருங்கும்போது 60 பாகையைத் தாண்டிவிடும். ஈரச் சாந்தின் மேல் வைத்த செங்கல், சாய்வு முப்பது பாகையை ஒட்டிப் போகும்போது வழுக்கத் தொடங்கிவிடும். அதுவரை உராய்வே போதும், தந்திரம் எதுவும் தேவையில்லை. உண்மையான சிக்கல் அதற்கு மேல்தான். மீன்முள் வடிவில் செங்கல் அடுக்க வேண்டும் என்ற விதியும் 1426ஆம் ஆண்டு ஆவணத்தில்தான் வருகிறது.

இனி, அதிகமாகப் பரவியிருக்கும் தவறு: ‘மீன்முள் அடுக்குதான் குவிமாடத்தைத் தாங்கி நிற்கிறது.’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லை. முழுதாக மூடிய ஒரு கிடை வளையம் தானாகவே நிற்கும். அதிலுள்ள ஒவ்வொரு கல்லும் உள்ளே சரியப் பார்க்கிறது. ஆனால் எல்லாக் கற்களும் ஒரே நேரத்தில் உள்ளே வர இடம் கிடையாது, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றுவிடும். அதனால்தான் குவிமாடத்தின் நடுவில் ஓட்டை விட முடிகிறது. புளோரன்ஸில் அந்த உச்சி வளையம் 1436இலிருந்து பத்து ஆண்டுகள் மேலே எதுவும் ஏற்றப்படாமல் அப்படியே நின்றது. உச்சியில் நிற்கும் சிறு கோபுரமான விளக்குமாடத்தின் வேலை தொடங்கியதே 1446இல்தான். ஆகவே ‘உச்சிக்கல் வைத்தால்தான் குவிமாடம் நிற்கும்’ என்பதும் தவறு.

சரி, மூடிய வளையம் நிற்கும். மூடாத வளையம்? அங்கேதான் மீன்முள் வருகிறது. சுண்ணச் சாந்து இறுக வாரக்கணக்கில் ஆகும், அதை நம்பி ஒரு செங்கல்லைக்கூடச் சரிவில் விட முடியாது. ஆகவே படுக்கையாக நான்கைந்து செங்கற்கள் வைத்த பிறகு, ஒன்றை நிமிர்த்தி வைப்பார்கள். நிமிர்ந்த செங்கல்லின் அடிப்பாகம் ஏற்கெனவே மூடிய கீழ் வரிசைகளுக்குள் பதிந்திருக்கும், தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வரிசையில் இரண்டு தலைகளுக்கு நடுவே வைக்கும் செங்கற்கள், அலமாரியில் இரு முட்டுகளுக்கு இடையே இறுக்கிய புத்தகங்கள் மாதிரி, விழாமல் பிடிபடும். 45 மீட்டர் அகல வளையம் மூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சில செங்கல் நீளத்துக்குள்ளேயே ஒரு குட்டி வளைவு மூடிவிடுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் நிமிர்ந்த செங்கல் சற்றுப் பக்கவாட்டில் நகர்வதால், அவை சேர்ந்து மேல்நோக்கிச் சுற்றி ஏறும் கோடுகளாகின்றன.

ஆக, இது கட்டும் காலத்துக்கான ஏற்பாடு. வளையம் மூடியதும் அதன் முக்கிய வேலை முடிந்தது. தரையில் பதிக்கும் மீன்முள் பாணியை அப்படியே சுவரில் வரைந்து காட்டும் படங்களையும் நம்ப வேண்டாம். இங்கே பெரும்பாலான செங்கற்கள் படுத்தே இருக்கின்றன, இடையிடையே சில மட்டும் நிமிர்ந்தவை. குவிமாடம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு அடுக்குச் சுவர்களால் ஆனது, இவற்றை ஓடுகள் என்பார்கள். 463 படிகளில் ஏறுபவர்கள் இரண்டு ஓடுகளுக்கும் இடையிலுள்ள வழியில் இதை நேரில் பார்க்கலாம்.

அப்புறம், பலர் கேட்காமலே கடந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. வளையம் என்றால் வட்டம், இதுவோ எண்கோணம். தட்டையான எட்டு முகங்கள் எப்படி ஒன்றையொன்று நெருக்கும்? ‘எண்கோண வளையம்’ என்று எழுதிவிட்டுப் போவது இந்த இடத்தை மறைத்துவிடுகிறது. விடை ஓட்டின் தடிமனில் இருக்கிறது. அடியில் உள்மூலை மையத்திலிருந்து 22.5 மீட்டர் தொலைவு. முகத்தின் நடுப்பகுதி சுமார் 20.8 மீட்டர். உள் ஓட்டின் தடிமன், வேலைக்குறிப்பின்படி, அடியில் மூன்றேமுக்கால் பிராச்சா, அதாவது சுமார் 2.2 மீட்டர். எனவே முகத்தின் நடுவில் அதன் வெளிப்பரப்பு 23 மீட்டரில் இருக்கும். 22.5க்கும் 23க்கும் இடையே அரை மீட்டர் தடிமனில் ஒரு முழு வட்டம் சுவருக்குள் எங்கும் உடையாமல் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வட்டம்தான் வளையமாக வேலை செய்கிறது. வெளி ஓடு முக்கால் மீட்டர்கூட இல்லாததால் அதற்குள் இப்படி வட்டம் அடங்காது. அதற்காகவே மூலைகளை ஒட்டி, இரு ஓடுகளுக்கும் இடையே கிடைவளைவுகளைச் சேர்த்தார்கள்.

வட்டம் தொடர வேண்டும் என்றால் செங்கல் வரிசை மூலையில் முறியக் கூடாது. இங்கே செய்யும் தவறு, வரிசைகள் மட்டமாக ஓடுவதாக வரைவது. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே நேர்கோட்டில் கட்டியிருந்தால், இரண்டு முகங்களின் சாய்ந்த வரிசைகள் மூலையில் மடிந்து சந்திக்கும், பலவீனமே அங்கேதான் இருக்கும். புளோரன்ஸில் வரிசைகள் தலைகீழ்க் கூம்பின் பரப்பில் அமைந்தவை. மையத்துக்கு அருகிலிருக்கும் முகத்தின் நடுப்பகுதி தாழ்ந்தும், தொலைவிலிருக்கும் மூலைகள் உயர்ந்தும் வருவதால், இரு முனையில் தளர்வாகக் கட்டிய கயிறு போல ஒவ்வொரு முகத்திலும் வரிசை சற்றுத் தொய்ந்து தெரியும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பவருக்குக் கட்டியவன் தப்பு செய்துவிட்டான் என்று தோன்றும். தொய்வு மட்டும் இல்லையென்றால்தான் அது தப்பு.

கடைசியாக, வளையம் மூடியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மேல்பகுதியில் வளையங்கள் நெருக்கப்படுகின்றன. கீழ்ப்பகுதியிலோ அவை வெளிநோக்கிப் பிரியப் பார்க்கின்றன, செங்கல்லுக்கு இழுவிசையைத் தாங்கும் வலு கிடையாது. அதற்காகவே இரும்புக் கவ்விகளால் பிணைத்த மணற்கல் சங்கிலிகளையும், மரத்தாலான ஒரு சங்கிலியையும் சுவருக்குள் வைத்துக் கட்டினார்கள். அவை போதவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு முகங்களில் பெரிய விரிசல்கள் அடியிலிருந்து மேலே ஏறுகின்றன. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் குழு அமைத்து ஆராய்ந்து, இரும்பு வளையங்கள் போடலாம் என்று பேசி, போடாமலே விட்டுவிட்டார்கள். இன்று விரிசல்களின் மேல் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப விரிசல்கள் ஆண்டுதோறும் சற்று மூடித் திறப்பதை அவை பதிவுசெய்கின்றன.