சத்து மாத்திரை அஞ்சு போட்டும் அத்தைக்கு கால் மரத்துப்போனது ஏன்

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு மெடிக்கல்ல பதினாறு வருஷமா நிக்கிறேன். "நல்ல சத்து மாத்திரையா ஒரு அட்டை குடுப்பா"ன்னு கேக்காத வயசானவங்களே கெடையாது, எனக்கும் அது பழகிப்போச்சு. ஆனா எங்க அத்தை விஷயத்துக்கு அப்புறம் யாருக்கும் சும்மா எடுத்து குடுக்க மனசு வரல. என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதுறேன், உங்க வீட்டு பெரியவங்க டப்பாவையும் பக்கத்துல வச்சிக்கிட்டு படிங்க.

அத்தைக்கு 71 வயசு, வீடு திருப்பாதிரிப்புலியூர்ல. சக்கரை வந்து 12 வருஷம் ஆச்சு. போன வருஷம் போயிருந்தப்ப செருப்பு ஒண்ணு கழண்டு வாசல்லயே கிடக்குது, அவங்க பாட்டுக்கு ஒத்த கால்ல செருப்போட கூடத்துக்குள்ள நடந்து வர்றாங்க, கழண்டதும் தெரியல, இன்னொண்ணு கால்ல இருக்கறதும் தெரியல. "கால் மரத்துப்போய் கெடக்குதுடா, சக்கரைன்னா அப்படித்தான, அதான் சத்து மாத்திரை எல்லாம் போடுறேனே"ன்னாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க அத்தைன்னு சொல்லி பேப்பர விரிச்சி ஒவ்வொரு அட்டையா திருப்பி, பின்னாடி இருக்கற பொடி எழுத்த படிச்சி எழுதினேன்.

சத்துன்னு மட்டும் அஞ்சு இருந்துச்சு. மல்டிவிட்டமின் ஒண்ணு, கால்சியம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, வாரத்துக்கு ஒரு தடவ போடற 60,000 யூனிட் டி3 கேப்சூல், விட்டமின் ஈ 400, அப்புறம் கொரோனா நேரத்துல வாங்க ஆரம்பிச்சி விடாம இருக்கற சி மாத்திரை. இது போக சக்கரைக்கு மெட்ஃபார்மின், வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை, ஆறு வருஷமா டெய்லி பேன்டோபிரசோல், அதான் கேஸ் மாத்திரைன்னு கேட்டு வாங்குவாங்களே அது.

முதல் தப்பு இங்கதான். மல்டிவிட்டமின் போட்டா எல்லா சத்தும் கவர் ஆயிடும்னு நம்புறது. அந்த அட்டையில பி12 இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா எவ்வளவுன்னு பாத்தா 1 மைக்ரோகிராம். நல்லா இருக்கற ஒரு ஆளுக்கே ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்கு கொஞ்சம் மேல வேணும். அத்தை நல்லா இருக்கற ஆளும் இல்ல, பி12 உள்ள போற வழி எல்லாமே அவங்களுக்கு அடைஞ்சி கெடந்துச்சு.

பி12 மீன், முட்டை, கறி, பால்ல வருது, செடி கொடில கெடையாது. சாப்பாட்டுல அது புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அத பிரிச்சி எடுக்க வயித்துல அமிலம் வேணும். வயசாக ஆக நெறைய பேருக்கு அந்த அமிலம் தன்னாலயே கொறஞ்சிடும், அதுக்கு மேல டெய்லி கேஸ் மாத்திரை போட்டா இன்னும் கொறையும். பிரிஞ்சி வந்தத குடல்ல உறிஞ்சற எடத்துல மெட்ஃபார்மின் வேற வருஷக்கணக்குல போட்டா தடுக்கும். இதெல்லாம் போதாதுன்னு அத்தை வடலூர் போயிட்டு வந்ததுலேர்ந்து மீனு முட்டை ரெண்டையும் விட்டுட்டாங்க, பத்து வருஷம் ஆகுது. அது அவங்க நம்பிக்கை, அதுல நான் தலையிட மாட்டேன், ஆனா பால் தயிர்ல வர்ற கொஞ்சூண்ட நம்பி இருக்கறவங்களுக்கு பி12 தனியா வேணும்னு யாராச்சும் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும், கடையில நிக்கிற நானே சொல்லல.

டாக்டர் டெஸ்ட் எழுதினாரு. பி12 148 வந்துச்சு, பொதுவா 200க்கு கீழ போனாலே கொறைவுன்னு எடுத்துக்குவாங்க. இத்தன நாள் ஏன் யாருக்கும் சந்தேகம் வரலன்னா ரெண்டு காரணம். பாதம் எரியறது, மரத்துப்போறது, நடக்கறப்ப தள்ளாடறது எல்லாம் சக்கரைலயும் வரும் பி12 கொறைஞ்சாலும் வரும், அதனால பழி மொத்தமும் சக்கரை மேல போயிடுது. ரெண்டாவது, அவங்க ஹீமோகுளோபின் 12க்கு மேல இருந்துச்சு, ரத்தம்தான் நல்லா இருக்கேன்னு விட்டுட்டாங்க. மல்டிவிட்டமின்ல ஃபோலிக் ஆசிட் இருக்கும், அது பி12 கொறைவால வர்ற ரத்த சோகைய மட்டும் சரி பண்ணி மறைச்சிடலாம், நரம்பு கெடறத நிறுத்தாது. அதனால மெட்ஃபார்மின் நாலஞ்சு வருஷத்துக்கு மேல போடறவங்க, கேஸ் மாத்திரை நிறுத்தாம போடறவங்க, சுத்த சைவமா இருக்கற பெரியவங்க, ரத்தம் நல்லா இருந்தாலும் பி12ஐ தனியா பாக்க சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

அத்தைக்கு முதல்ல 1000 மைக்ரோகிராம் ஊசி போட்டாங்க, அப்புறம் டெய்லி 1000 மைக்ரோகிராம் மாத்திரை. 2 வேணும்ங்கற எடத்துல 1000 எதுக்குன்னு அத்தையே கேட்டாங்க, நியாயமான கேள்விதான். பி12 உள்ள போக நம்ம வயித்துல சுரக்கற ஒரு புரதம் கைபிடிச்சி கூட்டிட்டு போகணும், அதால ஒரு நேரத்துல ரெண்டு மைக்ரோகிராம் வரைக்கும்தான் முடியும். மிச்சத்துல நூத்துல ஒரு பங்கு மட்டும் தானா கசிஞ்சி உள்ள போகும், 1000 போட்டா கிட்டத்தட்ட 10. வழி அடைஞ்சவங்களுக்கு அந்த கசிவுதான் சோறு போடுது. வழி அடையாம, ரத்தத்துல போதுமான அளவு இருக்கறவங்க நரம்புக்கு தெம்புன்னு 1500 மாத்திரைய வருஷக்கணக்குல போட்டா மிச்சம் மூத்திரத்துல போயிடும், பணம்தான் வீண்.

அடுத்த தப்பு டி3, இதுதான் எனக்கு ரொம்ப பயத்த குடுத்துச்சு. சீட்டுல வாரம் ஒண்ணு, 8 வாரம்னுதான் எழுதியிருந்துச்சு. அத்தை 14 மாசம் போட்டிருக்காங்க. காலி அட்டைய கொண்டுபோய் காட்டினா வேற ஒரு கடையில சீட்டே பாக்காம குடுத்துட்டே இருந்திருக்காங்க. கணக்கு போட்டு பாருங்க, 60,000ஐ ஏழால வகுத்தா ஒரு நாளைக்கு 8,500 யூனிட், கால்சியம் மாத்திரை ஒவ்வொண்ணுலயும் 250 இருக்கு ரெண்டுக்கும் 500, மல்டிவிட்டமின்ல 400, மொத்தம் 9,400. எழுவது தாண்டினவங்களுக்கு ஒரு நாளைக்கு 800 போதும், டாக்டர் பார்வை இல்லாம 4,000 தாண்டக்கூடாது. டி கொழுப்புல தங்கற சத்து, பி, சி மாதிரி மிச்சம் சீக்கிரம் வெளிய போயிடாது, மாசக்கணக்குல சேந்துகிட்டே இருக்கும். கூடிப்போனா ரத்தத்துல கால்சியம் ஏறும். அப்ப தாகம், அடிக்கடி மூத்திரம், மலச்சிக்கல், பசி இல்லாம போறது, கொமட்டல், ரொம்ப ஏறினா கொழப்பம், கிட்னி கோளாறு வரைக்கும் போகும். அத்தைக்கு தாகமும் மலச்சிக்கலும் நாலு மாசமா இருந்திருக்கு, அதையும் சக்கரைன்னே நெனச்சிட்டாங்க. டெஸ்ட்ல டி 118, கால்சியம் 10.8, அதாவது லேசா எல்லை தாண்டிடுச்சு. டாக்டர் அன்னைக்கே டி3, கால்சியம் ரெண்டையும் நிறுத்திட்டாரு, நிறைய தண்ணி குடிக்க சொல்லி ரெண்டு வாரம் கழிச்சி திரும்ப டெஸ்ட் எடுத்தாரு. சில வீட்டுல வாரம் ஒண்ணுங்கறத தெனம் ஒண்ணுன்னு புரிஞ்சிட்டு போட்டுடுறாங்க, அது இன்னும் ஆபத்து, அதனால நான் இப்பல்லாம் டி3 குடுக்கறப்ப அட்டை மேலயே "ஞாயிறு மட்டும்"னு பேனாவால எழுதி, கடைசி தேதியும் போட்டுடுறேன்.

கால்சியம் பத்தி சுருக்கமா சொல்றேன். வயசானவங்களுக்கு ஒரு நாளைக்கு சாப்பாடும் சேத்து 1000லேர்ந்து 1200 மில்லிகிராம் போதும். அத்தை ரெண்டு டம்ளர் பால், மத்தியானம் தயிர், காலைல கேழ்வரகு கூழுன்னு சாப்பிடறவங்க, அதுலயே முக்கால்வாசி வந்துடுது, மேல 1000 மில்லிகிராம் மாத்திரைக்கு என்ன வேல? இன்னொண்ணு, அவங்க காலைல தைராய்டு மாத்திரை போட்டு அர மணி நேரத்துல கால்சியமும் போட்டிருக்காங்க. கால்சியம் தைராய்டு மருந்த பிடிச்சி வச்சிக்கும், ரத்தத்துல சேர விடாது, ரெண்டுக்கும் நடுவுல 4 மணி நேரமாவது வேணும். தைராய்டு கட்டுப்படலன்னு அவங்களுக்கு ரெண்டு தடவ டோஸ் ஏத்தியிருக்காங்க. நேரத்த மாத்திப் பாத்திருந்தா ஏத்தாமயே சரியாயிருக்கலாம். கால்சியம் கார்பனேட்டா இருந்தா சாப்பாட்டோட போட்டாதான் நல்லா சேரும், அதுக்கும் அமிலம் வேணும். டெய்லி கேஸ் மாத்திரை போடறவங்களுக்கு சிட்ரேட் வகை தேவலாம்.

விட்டமின் ஈ 400 அத்தை மட்டும் இல்ல, மாமாவும் சேந்து போட்டுட்டு இருந்தாரு, கெண்டைக்கால் பிடிப்புக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்களாம். அமெரிக்கால ஆம்பளைங்களுக்கு டெய்லி 400 யூனிட் ஈ குடுத்து பாத்த ஒரு பெரிய ஆராய்ச்சியோட முடிவு 2011ல வந்துச்சு, ப்ராஸ்டேட் புத்துநோய் கொறையல, 17 சதவீதம் கூடியிருந்துச்சு. மாமாகிட்ட இத சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டாரு.

சரி, மல்டிவிட்டமின் மொத்தமா வேண்டாமான்னு கேட்டா, அப்படி சொல்ல மாட்டேன். ஆரோக்கியமா மூணு வேளை கலந்து சாப்பிடறவங்க அத போட்டதால கூட நாள் வாழ்ந்தாங்கன்னு தெரியல, 2024ல அமெரிக்காவுல கிட்டத்தட்ட 3.9 லட்சம் பேரோட கணக்க வச்சி பாத்தப்பவும் அப்படித்தான் வந்துச்சு. ஞாபகத்துக்கு லேசா உதவுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது, அது சின்ன பலன்தான். ஆனா பல்லு போய் ரசஞ்சோறோட நிறுத்திக்கிட்டவங்க, தனியா இருந்து சமைக்கறதையே விட்டவங்க, ஆஸ்பத்திரியில கெடந்து எளச்சி வந்தவங்க, இவங்களுக்கு ஒண்ணு எழுதி குடுத்தா அதுல அர்த்தம் இருக்கு. அதுலயும் பெரியவங்களுக்கு இரும்பு இல்லாத வகை நல்லது, இந்த வயசுல இரும்பு கொறைஞ்சா எங்கயாச்சும் உள்ள ரத்தம் கசியுதான்னு பாக்கணும், மாத்திரை போட்டு மூடிடக்கூடாது.

இப்ப அத்தை டப்பால சத்துன்னு இருக்கறது பி12 ஒண்ணுதான். டி அளவு எறங்க மாசக்கணக்கா ஆச்சு, தாகமும் மலச்சிக்கலும் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. கால் எரிச்சல் மூணாவது மாசம் கொறைய ஆரம்பிச்சிது, தள்ளாட்டம் நின்னுடுச்சு. ஆனா வலது கால் கட்டைவிரலும் பக்கத்து விரலும் இன்னும் மரத்துதான் இருக்கு, ரொம்ப நாள் கெட்ட நரம்பு முழுசா திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தெனம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல காயம் ஏதாச்சும் இருக்கான்னு மாமாதான் டார்ச் அடிச்சி பாக்கறாரு.