பாதி நிரப்பிய விண்ணப்பம்: சேர்க்கைப் பிரிவு செய்யக்கூடாத தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் சிலவற்றின் சேர்க்கைப் பிரிவில் கையால் நிரப்பிய விண்ணப்பங்கள் குவியும். அவற்றில் சில பாதிதான் நிரம்பியிருக்கும். நிராகரிக்க யாரும் நினைப்பதில்லை. ஆனால் விடுபட்டதைக் கேட்கும் விதம் சரியில்லாவிட்டால், மாணவர் தானாகவே விலகிவிடுவார். நிராகரிப்புக்கும் அதற்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒரு மாணவரின் விண்ணப்பம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் விருப்பம் பி.ஏ. தமிழ், இரண்டாவது பி.எஸ்சி. கணினி அறிவியல். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கின்றன. மதிப்பெண் அட்டவணையில் மொத்தம் 431 என்று மட்டும் எழுதியிருக்கிறார், பாடவாரியாக எதுவும் இல்லை. சாதிப் பிரிவுக் கட்டம் காலி. வங்கிக் கணக்கு எண் காலி. பெற்றோர் கையெழுத்து இல்லை. பின்னால் மதிப்பெண் பட்டியலின் நகல் ஒன்று பின் அடித்திருக்கிறது.

முதல் தவறு பெரும்பாலும் வாங்கும் மேசையிலேயே நடக்கிறது. "நிரப்பிக் கொண்டு வாங்க தம்பி" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது அவர் வந்த தேதிக்குச் சாட்சியே இல்லாமல் போகிறது. கடைசி தேதிக்குப் பிறகு திரும்பி வந்தால் தாமத விண்ணப்பம் ஆகிவிடும். குறையோடு வந்தாலும் அன்றே வரவுப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். குறைகள் பின்னால் தீர்ந்தாலும் வந்த தேதி மாறாது.

அடுத்தது, கையில் இருப்பதையே திரும்பக் கேட்பது. அட்டவணை காலியாக இருக்கிறதே என்று மதிப்பெண்களைக் கேட்டு எழுதுவதற்கு முன் பின்பக்க நகலைப் புரட்ட வேண்டும். அதில் தமிழ் 82, ஆங்கிலம் 61, மற்ற நான்கு பாடங்களும் சேர்ந்து 288 என்று இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளின் தரவரிசை முறைப்படி பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணைப் பார்க்கிறோம். பி.எஸ்சி.க்கு நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையை 400க்குப் பார்க்கிறோம். ஆக மொத்தம் 431 என்ற எண் இரண்டுக்குமே பயன்படாது, 82ம் 288ம்தான் வேண்டும். இரண்டும் நகலிலேயே கிடைத்துவிட்டன. அவற்றை மாணவரின் கட்டத்தில் நாம் எழுதக்கூடாது. அலுவலகப் பயன்பாட்டுக்கான ஓரத்தில் "இணைப்பின்படி" என்று குறித்து, எழுதியவர் சுருக்கொப்பம் போட்டால் போதும். மாணவர் எழுதியது எது, அலுவலகம் எழுதியது எது என்பது பிற்பாடு பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

காலியான கட்டமெல்லாம் குறையும் இல்லை. புதுச்சேரி எல்லை நமக்குப் பக்கம், பாகூரிலிருந்து பிள்ளைகள் கடலூருக்குப் படிக்க வருவார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் பலருடைய பட்டியலில் ஐந்து பாடங்கள்தான் இருக்கும். மாநிலப் பாடத்திட்டத்துக்காக அச்சிட்ட அட்டவணையில் ஆறாவது வரிசை காலியாக வருவது இயல்பு. அதைக் குறை என்று எழுதினால், இல்லாத பாடத்துக்கு அவர் எங்கே போவார்? அதேபோல் புதுச்சேரி வட்டாட்சியர் தந்த சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. "சான்றிதழ் சரியில்லை, வேறு கொண்டு வரவும்" என்று எழுதி அலையவிடுவதைவிட, இதைச் சொல்லி, பொதுப் பிரிவில் பரிசீலிக்கலாமா என்று கேட்பது நேர்மை.

இனி உண்மையான குறைகள். எதை எப்போது கேட்பது என்று பிரிக்காததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பட்டியலில் இடம் குறிக்க உடனே வேண்டியவை சில. கலந்தாய்வு நாளில் காட்டினால் போதுமானவை சில. சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளக்கூடியவை மீதி. நம் மாணவருக்கு இப்போதே வேண்டியது இரண்டுதான்: சாதிப் பிரிவு எது என்ற பதிலும், பெற்றோர் கையெழுத்தும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பிரிவைச் சொல்வது வேறு, சான்றிதழைக் காட்டுவது வேறு. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய்த்தான் வரும். மூன்று நாளில் கொண்டு வா என்றால் அவரால் முடியாது. பிரிவை இப்போது எழுதட்டும். சான்றிதழ் இல்லையென்றால் விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டின் நகலைத் தரட்டும், அசலைக் கலந்தாய்வில் காட்டட்டும். வங்கிக் கணக்கு உதவித்தொகைக்குத்தான், இப்போது கேட்க வேண்டியதே இல்லை.

கேட்கும் கடிதம் "விண்ணப்பம் முழுமையாக இல்லை, பூர்த்தி செய்து அனுப்பவும்" என்று இருந்தால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியாது. கட்டத்தின் எண், என்ன செய்ய வேண்டும், எதற்கு, எந்தத் தேதிக்குள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, பதிவு செய்யப்பட்டுள்ளது. நிராகரிக்கப்படவில்லை. இரண்டு விவரங்கள் மட்டும் விடுபட்டுள்ளன. கட்டம் 6: சாதிப் பிரிவு. இதை வைத்துத்தான் உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்பது முடிவாகும். கட்டம் 14: தந்தை, தாய் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. இணைத்துள்ள தாளில் இவ்விரண்டை மட்டும் நிரப்பி, வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் நேரிலோ யார் மூலமாகவோ கொடுக்கவும். மதிப்பெண் விவரங்களை நகலிலிருந்து எடுத்துக்கொண்டோம். சாதிச் சான்றிதழ் அசல் கலந்தாய்வு அன்று போதும்."

"நிராகரிக்கப்படவில்லை" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கல்லூரியிலிருந்து கடிதம் என்றாலே இடம் போச்சு என்று நினைக்கும் வீடுகள் உண்டு. வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாமல், விடுபட்ட கட்டங்கள் மட்டும் உள்ள ஒரு தாளை இணைப்பதும் முக்கியம். மூலத் தாள் கோப்பை விட்டு வெளியே போனால் தொலைய வாய்ப்புண்டு.

குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடக்கூடாது. தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிதான் கொள்ளும் என்பதால் பலர் ஆங்கிலத்தில் சுருக்கி அனுப்பிவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் இருக்கும் எண் சில சமயம் நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரருடையதாகவும் இருக்கும். ஒரு தடவை பேசிவிடுங்கள். அம்மா எடுத்தால், "அம்மா, பையன் விண்ணப்பம் பத்திரமா இருக்கு, ரெண்டே ரெண்டு இடம் விட்டுப் போச்சு" என்று தொடங்கினால் மீதியைப் பதற்றமில்லாமல் கேட்பார்கள்.

இன்றைக்குக் கையெழுத்து, நாளைக்குச் சாதிப் பிரிவு, அடுத்த வாரம் இன்னொன்று என்று தவணையாகக் கேட்பதையும் நிறுத்த வேண்டும். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு, கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி. கடிதம் போகுமுன் இரண்டாவது ஆள் ஒருவர் விண்ணப்பத்தை முதலிலிருந்து பார்த்துவிட்டால் இது நடக்காது.

பதில் தாள் வந்ததும் வந்த தேதியைப் போட்டு மூல விண்ணப்பத்தோடு இணையுங்கள், பழைய கட்டத்தில் எதையும் திருத்தாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் திங்கட்கிழமை காலை இன்னொரு முறை பேசி, பேசிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். அப்போதும் பதில் இல்லாவிட்டால் 82, 288 என்ற மதிப்பெண்களை வைத்து அவர் பெயர் பொதுப் பட்டியலில் "பிரிவு உறுதியாகவில்லை" என்ற குறிப்போடு போகட்டும். கலந்தாய்வு மேசையில் இருப்பவர் அந்தக் குறிப்பைப் பார்த்து, முதல் கேள்வியாகச் சாதிப் பிரிவைக் கேட்டு, கையெழுத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.